தண்ணீர் ஊற்றினால் சத்து குறையாது, கணக்குதான் குறையும்

குழந்தைகள் காப்பகம் வைத்திருக்கிறேன். தரை துடைக்க 1% ஹைப்போ, அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட் என்ற கிருமிநாசினி, வேண்டும். 10% கேன் ஒன்று, 5 லிட்டர், வாங்கினேன். பத்து மடங்கு தண்ணீர், அதாவது 50 லிட்டர் ஊற்றச் சொன்னார் கடைக்காரர். சரியா? – வாசகி, ஈரோடு

45 லிட்டர்தான் ஊற்ற வேண்டும். 10% என்றால் 100 மில்லியில் 10 கிராம் மருந்து, லிட்டருக்கு 100 கிராம். ஐந்து லிட்டர் கேனில் 500 கிராம். நீங்கள் எவ்வளவு தண்ணீர் சேர்த்தாலும் இந்த 500 அப்படியேதான் இருக்கும், கூடவும் கூடாது, குறையவும் குறையாது. பள்ளியில் C1V1 = C2V2 என்று எழுதிப் போட்டது இதைத்தான். முன்னால் இருந்த செறிவையும் அளவையும் பெருக்குங்கள், பின்னால் இருப்பதையும் பெருக்குங்கள், இரண்டும் ஒன்றாக வந்தால் கலவை சரி.

1% கலவையில் லிட்டருக்கு 10 கிராம். அப்படியானால் 500 கிராமை வைத்து மொத்தம் 50 லிட்டர் செய்யலாம். அந்த மொத்தத்தில் கேனில் இருந்த 5 லிட்டரும் அடக்கம் என்பதைக் கடைக்காரர் மறந்துவிட்டார். அவர் சொன்னபடி ஊற்றினால் 55 லிட்டர் வரும், செறிவு 0.91%. தரை துடைக்க இது பெரிய குற்றமில்லை. ஆனால் இதே தவறை 5% சரக்கை 2.5% ஆக்கும்போது செய்து பாருங்கள். “இரண்டு மடங்கு” என்று ஒரு லிட்டருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் ஊற்றினால் மூன்று லிட்டர் ஆகிவிடும், செறிவு 1.67%க்கு இறங்கிவிடும். கொஞ்சமாக நீர்க்க வைக்கும்போதுதான் இந்தத் தவறு நன்றாகக் கடிக்கும்.

கழிவறை ஆசிட்டோடு ஹைப்போவைக் கலந்தால் இன்னும் நன்றாகச் சுத்தமாகுமா? – வாசகர், நெய்வேலி

குளோரின் வாயு வரும். கலக்காதீர்கள்.

அம்மா படுத்த படுக்கையாக இருக்கிறார். வீட்டுக்கு வந்து ஒருவர் “2% ஹைப்போ” என்று லேபிள் ஒட்டிய 5 லிட்டர் கேனை 200 ரூபாய்க்குத் தருகிறார். கேன் கொண்டு வரும் பையன் பேச்சுவாக்கில், “5% சரக்கு ஒரு லிட்டர் ஊத்தி மீதி தண்ணி ரொப்புவோம்க்கா” என்றான். ஏமாந்துவிட்டேனா? – வாசகி, விருதுநகர்

பையன் சொன்னது உண்மையானால், ஆமாம் அம்மா. 5% சரக்கு ஒரு லிட்டரில் 50 கிராம் மருந்து. அதை 5 லிட்டராக நிரப்பினால் லிட்டருக்கு 10 கிராம், அதாவது 1%. லேபிளில் போட்டிருக்கும் 2%க்கு 100 கிராம் இருக்க வேண்டும். இரண்டு லிட்டர் சரக்கும் மூன்று லிட்டர் தண்ணீரும் ஊற்றியிருந்தால்தான் அது வரும். பாதி மருந்துக்கு முழு விலை வாங்கியிருக்கிறார். கிராமுக்கு 2 ரூபாய் என்று நினைத்துக் கொடுத்தீர்கள், 4 ரூபாய் விழுந்திருக்கிறது. இதில் நீங்கள் செய்த தவறு ஒன்றும் இல்லை, நோயாளியை வைத்துக்கொண்டு யார் லேபிளைச் சந்தேகப்படுவார்கள்?

பையனுடைய பேச்சை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள், நாளைக்கே அவன் அப்படிச் சொல்லவில்லை என்பான், அல்லது அவன் வேலை போகும். புதிதாக வரும் கேனைப் பில்லோடு வாங்கி, திறக்காமல், அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் ஒன்றில் குளோரின் அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். கேன் புதிதாக இருக்க வேண்டும், ஏனென்றால் பழையதைக் கொடுத்தால் “வெச்சிருந்து கெட்டுப்போச்சு” என்று தப்பித்துவிடுவார்கள், அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அறிக்கை கையில் வந்ததும் எழுத்தில் பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம், இந்த அளவு தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது.

வீட்டு மேல்தொட்டி 1000 லிட்டர். தரை துடைக்க வைத்திருந்த 5% ஹைப்போவில் அரை லிட்டர் ஊற்றினேன். தண்ணீர் ஒரே நெடி. குடிக்கலாமா? – வாசகர், காஞ்சிபுரம்

ஊற்றுவதற்கு முன்னால் கேட்டிருக்கலாம். அரை லிட்டரில் 25 கிராம், அது 1000 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 25 மில்லிகிராம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் மேல்வரம்பே 5 மில்லிகிராம்தான். தரை துடைக்கும் சரக்கில் வாசனையும் சோப்பும் வேறு இருக்கலாம். தொட்டியைக் காலி செய்து கழுவுங்கள், லேபிளையும் ஒருமுறை படியுங்கள்.

தரை கிளீனர் பாட்டிலில் 1:10 என்று போட்டிருக்கிறது. பத்தில் ஒன்றா, ஒன்றுக்குப் பத்தா? – வாசகர், கும்பகோணம்

இதைப் பற்றிக் கேட்க யாராவது வரமாட்டார்களா என்று காத்திருந்தேன். ஒன்றுக்குப் பத்து என்றால் மொத்தம் பதினொன்று, பத்தில் ஒன்று என்றால் மொத்தம் பத்து. இரண்டு பழக்கமும் புழக்கத்தில் இருக்கிறது, எது என்று போடுவதற்கு லேபிளில் ஒரு வரி இடம் போதும், அதைத்தான் போட மாட்டார்கள். “1 பங்கு மருந்து + 9 பங்கு தண்ணீர்” என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? இதைவிட மோசம், சதவீதமே போடாத “கான்சன்ட்ரேட்”. ‘டபுள் ஸ்ட்ராங்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட ஒரு கேனை நானும் வாங்கினேன், ஒரு லிட்டர் இருபது லிட்டராகும் என்று பெருமை. எதைவிட டபுள்? உள்ளே எவ்வளவு மருந்து இருக்கிறது என்று எங்குமே இல்லை. C1 தெரியாமல் எந்தக் கணக்கையும் தொடங்க முடியாது, ஆகவே அந்த இருபது லிட்டர் மருந்தா வெறும் வாசனைத் தண்ணீரா என்று சொல்ல எனக்கு வழியே இல்லை. வாசனை மட்டும் மூன்று நாள் வீட்டை விட்டுப் போகவில்லை. உங்கள் பாட்டிலில் மருந்தின் சதவீதம் இருந்தால் எழுதி அனுப்புங்கள், இல்லையென்றால் அடுத்த முறை வேறு பாட்டில்.

10% ஹைப்போ 5 லிட்டருக்குச் சரியாக 45 லிட்டர் தண்ணீர் கலந்தேன். ஆனாலும் கறை போகவில்லை. கேன் போன வருடம் வாங்கியது, மொட்டை மாடி ஷெட்டில் இருந்தது. கணக்கு தப்பா? – வாசகர், மதுரை

கணக்கு சரி, கேன்தான் தப்பு. ஹைப்போ வெயிலிலும் சூட்டிலும் தானாகச் சிதைந்து உப்பாக மாறும், 10% சரக்கு 5% சரக்கைவிட வேகமாகச் சிதையும். மதுரை மொட்டை மாடி ஷெட் அதற்குச் சுடுகாடு. லேபிளில் 10 என்று இருக்கலாம், உள்ளே அது இல்லை.

எவ்வளவு மிச்சம் என்று தோராயமாகப் பார்க்கலாம். நீச்சல் குளத்துக்கு விற்கும் குளோரின் சோதனைப் பட்டை, 10 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 10 மில்லிகிராம், வரை காட்டுவது, வாங்குங்கள். நேரே கலவையில் முக்கினால் நிறமே வெளுத்துப்போய் ஒன்றும் இல்லாததுபோல் காட்டும். ஆகவே கலவையில் ஒரு மில்லியை ஊசியில் எடுத்து ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் விடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலேயே குளோரின் இருக்கலாம். ஆயிரம் மடங்கு நீர்க்கும்போது அந்த ஒரு மில்லியை மொத்தத்தில் சேர்க்கிறோமா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியாது. 1% கலவையாக இருந்திருந்தால் பட்டை 10 காட்டும். 6 காட்டினால் கலவை 0.6%. அதை 50 லிட்டரால் பெருக்கி 5 லிட்டரால் வகுங்கள், கேனில் இருந்தது 6%. மிச்சம் வைத்திருக்கும் கேனுக்கு இந்த 6ஐ வைத்தே கணக்குப் போடுங்கள், ஐந்து லிட்டருக்கு 25 லிட்டர் தண்ணீர்.