புகார் முடிந்தது என்கிறார்கள், கழிவுநீர் நிற்கவில்லை

கேள்வி: எங்கள் தெரு கோடம்பாக்கம் மண்டலத்தில் இருக்கிறது. இரண்டு வாரமாகச் சாக்கடை வழிந்து ரோட்டில் ஓடுகிறது. 1913-க்கு மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும் ‘புகார் முடிக்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்தது, ஆள் வரவில்லை. தெருவில் ஒருவர் ஆயிரம் ரூபாய் கொடுத்தால் ஆளை இறக்கிச் சுத்தம் செய்து தருவதாகச் சொல்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். ‘ஆளை இறக்கி’ என்று அவர் சொல்வது ஆள்நுழைவுக் குழிக்குள் ஒரு மனிதரை இறக்குவது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஒருவரை அப்படி இறக்குவது, கையால் மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் முறையே இரண்டு ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறக்கியவர் மட்டுமல்ல, பணம் கொடுத்து வேலைக்கு அமர்த்தியவரும் மாட்டுவார். குழிக்குள் தேங்கும் விஷவாயுவுக்கு ஒரு மூச்சு போதும், காப்பாற்ற இறங்குபவரும் சேர்ந்து சாவார். இந்த இடைத்தரகர்களில் சிலர், லாரி டிரைவரைத் தெரியும், இன்றே அனுப்புகிறேன் என்றும் பணம் கேட்பார்கள். தெருவில் ஓடும் பொதுக் கழிவுநீர்க் குழாயில் அடைப்பு எடுக்க நீங்கள் யாருக்கும் ஒரு ரூபாய்கூடத் தர வேண்டியதில்லை.

இனி உங்கள் புகார் ஏன் மூன்று முறையும் முடிந்துபோனது என்று பார்ப்போம். 1913 மாநகராட்சியின் எண். தெருவில் ஓடும் கழிவுநீர்க் குழாய் மாநகராட்சியுடையது அல்ல, சென்னைக் குடிநீர் வாரியத்துடையது, அதாவது மெட்ரோ வாட்டருடையது. மாநகராட்சியின் பொறுப்பு ரோட்டோரம் போகும் மழைநீர் வடிகால். நீங்கள் போனில் ‘சாக்கடை’ என்று சொன்னதும், எதிர்முனையில் இருப்பவர் அதை ‘மழைநீர் வடிகால் அடைப்பு’ என்று பதிந்திருக்க வாய்ப்பு மிக அதிகம். நம் பேச்சில் இரண்டும் சாக்கடைதான், ஆனால் திரையில் ஒன்றைத்தான் தேர்வு செய்ய முடியும். அது உங்கள் வார்டு உதவிப் பொறியாளருக்குப் போகிறது. அவர் பார்த்துவிட்டு, இது நம் வேலை இல்லை என்று புகாரை முடிக்கிறார். எங்கோ ஒரு கணக்கில் உங்கள் புகார் தீர்ந்தவற்றோடு சேர்ந்துவிடுகிறது. ஒரே தெருவைப் பார்த்துக்கொள்ளும் இரண்டு அலுவலகங்கள் தங்களுக்குள் ஒரு தாளைக் கைமாற்றிக்கொள்ள முடியாதா என்ற கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. அதனால் எந்தக் குழாய் யாருடையது என்பதை நீங்களே பிரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பிரிப்பது கடினமல்ல. ரோட்டின் நடுவில், பெரும்பாலும் வட்டமாக இருக்கும் மூடியைச் சுற்றித் தண்ணீர் பொங்கினால் அது கழிவுநீர்க் குழாய். ஓரத்தில் நீளமாகப் போகும் கான்கிரீட் பலகைகளுக்கு அடியிலிருந்து வந்தால் மழைநீர் வடிகால். மழையே இல்லாத நாளிலும் காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பொங்கி, மதியம் அடங்கினால் சந்தேகமே வேண்டாம், வீட்டுக் கழிவுநீர்தான்.

ஆகவே அடுத்த புகாரை மெட்ரோ வாட்டருக்கே கொடுங்கள். எண் 044-45674567, கட்டணமில்லா எண் 1916. சொல்லும்போது வார்டு எண் கட்டாயம். 2022 உள்ளாட்சித் தேர்தலில் எந்த வார்டில் வாக்களித்தீர்களோ அந்த எண்ணைச் சொல்லுங்கள். ஒரே பெயரில் சென்னையில் பல தெருக்கள் இருப்பதால், தெருப் பெயரை மட்டும் சொன்னால் புகார் வேறு வார்டின் பணிமனைக்குப் போய், அங்கே ‘இடம் கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று முடியும்.

அடுத்தது, அடைப்பு எங்கே என்பது. பொங்கும் மூடியில் அடைப்பு இருக்காது. தண்ணீர் போகும் திசையில் அடுத்தடுத்த மூடிகளைப் பாருங்கள், பொதுவாகச் சுமார் முப்பது மீட்டருக்கு ஒன்று இருக்கும். பொங்கும் கடைசி மூடிக்கும், பொங்காத முதல் மூடிக்கும் இடையில்தான் அடைப்பு. மூடியைத் திறக்க வேண்டாம், வெளியிலிருந்தே ஈரத்தைப் பார்த்தால் தெரியும். இதை இப்படிச் சொல்லுங்கள்:

‘கதவு எண் 14-க்கு எதிரே உள்ள மூடி தினமும் காலையில் பொங்குகிறது. கதவு எண் 22-க்கு எதிரே உள்ள மூடி காய்ந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் அடைப்பு. ஜெட்ராடிங் வண்டி வேண்டும்.’

இப்படிச் சொன்னால் பணிமனைப் பொறியாளர் சரியான வண்டியைச் சரியான இடத்துக்கு அனுப்ப முடியும். ஜெட்ராடிங் வண்டி அழுத்தத்தில் தண்ணீர் அடித்து அடைப்பை உடைக்கும். அதன் குழாயைக் காய்ந்த மூடி வழியாக விட்டு, ஓட்டத்துக்கு எதிராக அடித்து, வரும் மண்ணை வெளியே எடுப்பதுதான் முறை. நிரம்பிய மூடியிலிருந்து மட்டும் அடித்தால் மண் கொஞ்சம் தள்ளிப்போய் நிற்கும். தண்ணீர் உடனே இறங்கும், அதைப் படம் எடுத்துப் புகாரையும் முடிப்பார்கள், நாலாவது நாள் மறுபடி பொங்கும். எடுத்த மண்ணைத் தெருவோரம் குவித்துவிட்டுப் போனால் அதற்கு ஒரு தனிப் புகார், உடைந்த மூடிக்கு இன்னொரு தனிப் புகார். மூன்றையும் ஒரே புகாரில் சேர்த்தால், முதல் வேலை முடிந்ததும் மற்ற இரண்டும் அதோடு முடிந்ததாகிவிடும்.

ஒரு விஷயத்தில் மட்டும் வாரியத்தைக் குறை சொல்ல முடியாது. உங்கள் வீட்டில் மட்டும் கழிவறைத் தண்ணீர் இறங்காமல் நின்று, பக்கத்து வீடுகளில் சரியாக இறங்கினால், அடைப்பு உங்கள் மதில் சுவருக்குள் இருக்கும் தொட்டியில் அல்லது இணைப்புக் குழாயில் இருக்கிறது. சுவருக்கு உள்ளே உங்கள் பொறுப்பு. தெருக் குழாயைச் சரிசெய்தாலும் இது தீராது. அடுக்குமாடி என்றால் இதைச் சங்கத்தில்தான் பேச வேண்டும், ஏனென்றால் தரைத்தள வீட்டில்தான் முதலில் நிற்கும், மேல்தளக்காரர்களுக்கு ஒன்றும் தெரியாது, யார் பணம் கொடுப்பது என்று சண்டை வரும். பிளம்பரைக் கூப்பிட்டாலும் தொட்டிக்குள் அவரை இறங்கவிடாதீர்கள், மேலிருந்தே கம்பி விட்டு எடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது என்று எழுதியிருப்பதால் உங்களுக்கு இது பொருந்தாது.

பல தெருக்களில் ஒரே நேரத்தில் பொங்குகிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். அப்படியானால் பெரும்பாலும் கழிவுநீரேற்று நிலையத்தில் மோட்டார் ஓடவில்லை என்று பொருள், எத்தனை வண்டி வந்தாலும் பயனில்லை. அதைப் பகுதிப் பொறியாளரிடம் நேரில் சொல்ல வேண்டும்.

புகார் எண்ணைக் குறித்துவைத்து, காலையில் பொங்கும்போது தேதியுடன் படம் எடுங்கள். வேலை நடக்காமல் முடித்தால், பழைய எண்ணைக் குறிப்பிட்டே அடுத்த புகாரைப் பதியச் சொல்லுங்கள். மூன்றாவது முறையும் அப்படியே என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம்தான், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று கேட்டால் பதில் கிடைக்காது. ‘இந்தப் புகார் எண்ணுக்கு, இந்தத் தேதியில் வந்த ஜெட்ராடிங் வண்டியின் லாக் புத்தகப் பக்கத்தின் நகல்’ என்று கேளுங்கள். வண்டி வராத நாளுக்கு அவர்களால் அந்தப் பக்கத்தைத் தர முடியாது.