ஒருத்தருக்கு ஒருத்தராக எழுதுங்கள்

கேள்வி: எட்டு வருடம் கார்மெண்டில் வேலை செய்தேன். இப்போது வீட்டிலேயே தைக்கிறேன். "தையல் தொடங்கிவிட்டேன், எல்லோருக்கும் சொல்லுங்கள்" என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவிலும் பழைய வேலைத்தோழிகளின் குழுவிலும் போட்டேன். வாழ்த்துகள் வந்தன, ஒரு சட்டைத்துணிகூட வரவில்லை. எப்படி எழுதினால் ஆட்கள் வருவார்கள்?
- வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: தங்கச்சி, "எல்லோருக்கும்" என்று வாசிக்கும்போது யாருடைய முகமும் நினைவுக்கு வராது. "சித்திரைக்குச் சாறிச் சட்டை தைக்க ஆள் தேடுற ஒருத்தர்" என்றால் உடனே ஒருத்தி நினைவுக்கு வருவாள். அதனால் குழுவை விட்டு, ஒரு நாளைக்கு ஐந்து பேருக்குப் பெயர் சொல்லித் தனியே எழுதுங்கள். பிரோட்காஸ்ட் வேண்டாம், உங்கள் நம்பரைச் சேமித்து வைக்காதவர்களுக்கு அது போய்ச் சேராது.

மாமிக்கு இப்படி எழுதலாம்:

"மாமி, சுகமா இருக்கிறீங்களா? நான் இப்ப வீட்டில சாறிச் சட்டை தைக்கிறன். லைனிங் வச்சுத் தைக்கக் கூலி 1,500 ரூபா, ஏழு நாளில தருவன். அளவுக்குப் பொருந்துற பழைய சட்டை ஒண்டு தந்தாக் காணும். ஒங்கட பக்கத்தில சித்திரைக்குத் தைக்க ஆள் தேடுற ஒருத்தர் இருந்தா, அவவிட்டக் கேட்டுட்டு என்ட நம்பரைக் குடுங்க. மார்ச் 31க்குள்ள துணி வந்தாத்தான் நாள் சரியா இருக்கும்."

தொகை உங்கள் கணக்குப்படி இருக்கட்டும், ஆனால் கட்டாயம் எழுதுங்கள். சொந்தத்துக்குள் கூலி சொல்லாவிட்டால் பாதிப்பேர் சும்மா தைத்துத் தருவீர்கள் என்று நினைப்பார்கள். மீதிப்பேர் விலை கேட்க வெட்கப்பட்டு வேறு கடைக்குப் போவார்கள். மாமிக்கு மட்டும் குறைப்பதென்றால் அதை நேரில் சொல்லுங்கள். எழுத்தில் போட்டால் அவர் அனுப்புகிறவர்களும் அந்த விலையையே கேட்பார்கள்.

தோழிகளுக்கு எழுதுவது வேறு. உங்கள் தையல் நேரானது என்று அவர்களுக்குத் தெரியும். ஆனால் லைனில் ஒருத்தி கை மட்டும் பொருத்துவாள், இன்னொருத்தி கொலர் மட்டும் வைப்பாள். நீங்கள் அளவெடுத்து, வெட்டி, முழுச் சட்டையும் முடிப்பதை அவர்கள் பார்த்ததில்லை. அதைக் காட்ட இரண்டு படம் அனுப்புங்கள். ஒன்று, சட்டையை ஒருத்தர் உடுத்தியிருக்கும்போது அதன் கை சேரும் இடம். கம்புக்கூட்டில் சுருக்கம் இழுக்காமல் இருப்பது தெரிய வேண்டும். மற்றது, சட்டையை உள்பக்கம் திருப்பி எடுத்தது. ஓவர்லொக் அடித்த ஓரமும், பிறகு பிரித்துப் பெருப்பிக்க விட்ட ஒரு இஞ்சித் துணியும் அதில் தெரியட்டும். ஹங்கரில் தொங்கும் சட்டையை வைத்துப் பொருத்தம் பார்க்க முடியாது. தூரத்தில் இருக்கும் தோழியிடம் துணி கேட்காதீர்கள். இந்தப் பக்கம் இருக்கும் அவளுடைய அக்காவையோ மச்சாளையோ கேளுங்கள்.

யாராவது ஒருத்தரை அனுப்பினால், சட்டையைக் கொடுத்த அன்றைக்கே அனுப்பியவருக்கு ஒரு வரி எழுதுங்கள்: "அக்கா, நீங்க அனுப்பினவவின்ட சட்டையை இண்டைக்குக் குடுத்திட்டன். போட்டுப் பார்த்தா, சரியா இருக்கு."