கதை முதலில், கணக்கு பிறகு

கேள்வி: எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். மொட்டைமாடி ஒழுகுகிறது. போன கூட்டத்தில் செயலாளரான நான் முழு மதிப்பீட்டையும் வாசித்தேன். "ஒழுகுவது மூன்றாம் மாடிக்காரர்களுக்கு, நாங்கள் ஏன் தர வேண்டும்?" என்று கீழ்வீட்டார் கேட்க, தீர்மானம் தள்ளிப்போனது. அடுத்த கூட்டத்தில் எப்படிப் பேசுவது?

பதில்: மதிப்பீட்டை வாசித்ததுதான் சிக்கல். காதால் கேட்கும்போது நாலாவது எண் வருவதற்குள் முதல் எண் மறந்துவிடும். மனதில் நிற்பது மொத்தத் தொகை மட்டும்தான். அதைப் பிடித்துக்கொண்டு சண்டை தொடங்கும்.

இந்த முறை கதையில் தொடங்குங்கள். ஆனால் மூன்றாம் மாடிக்காரரின் துயரக் கதை வேண்டாம். கீழே இருப்பவர் இரக்கப்படுவார், பணம் தரமாட்டார். மாடிக்குச் சற்றும் தொடர்பில்லாதவராகத் தன்னை நினைப்பவர் வீட்டில் நடந்ததைத் தேடிப் பிடியுங்கள். கூரைத் தண்ணீர் நேராக மட்டும் இறங்குவதில்லை. சிமெண்ட் தளத்தின் விரிசலில் புகுந்தால் சுவருக்குள் போகும் மின்கம்பிக் குழாய் வழியாக இரண்டு மாடி தாண்டியும் வரும். நான் செயலாளராக இருந்த குடியிருப்பில் அப்படித்தான் வந்தது. அந்த வீட்டு அம்மாவிடம் அனுமதி கேட்டு, கூட்டத்தில் இப்படிச் சொன்னேன்:

"போன மழையில ஒரு ராத்திரி, ரெண்டு மணி இருக்கும். முதல் மாடியில ஒரு அம்மா தண்ணி குடிக்க எழுந்திருக்காங்க. லைட் போடப் போன விரல் ஈரமாயிடுச்சு. சுவிட்ச் போர்டுக்குள்ள இருந்து தண்ணி கசியுது. அவங்க கையை எடுத்துட்டாங்க. மெயினை அணைச்சுட்டு விடியிற வரைக்கும் இருட்டுல உட்கார்ந்திருந்தாங்க. அவங்க மேல ரெண்டு மாடி இருக்கு. மொட்டைமாடிக்கு அவங்க போய் வருஷமாச்சு. அந்த மாடி அவங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

அவ்வளவுதான். சாவகாசமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். முடித்ததும் ஐந்து விநாடி பேசாமல் இருந்தேன். அந்த ஐந்து விநாடிதான் கடினம். "ஆகவே" என்று தொடங்கிவிட நாக்கு துறுதுறுக்கும். விட்டுவிடாதீர்கள்.

கதைக்குள் எண்ணைக் கலக்காதீர்கள். 2007-இல் ஸ்மால், லோவன்ஸ்டைன், ஸ்லோவிக் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 5 டாலர் கையில் இருந்தவர்களிடம் பசித்த ஒரு சிறுமியைப் பற்றி மட்டும் சொன்னபோது சராசரியாக 2.38 டாலர் கொடுத்தார்கள். கூடவே பஞ்சத்தின் புள்ளிவிவரத்தையும் சேர்த்தபோது 1.43 டாலர்தான். அது நன்கொடை, உங்களுடையது சொந்தச் செலவு; அப்படியே பொருந்தாது. உங்கள் கூட்டத்தில் எண் கட்டாயம் வேண்டும். அது கதை முடிந்த பிறகு, தனியாக வர வேண்டும்.

சொல்ல வேண்டிய எண்கள் மூன்றே: எத்தனை பேர், எவ்வளவு, எத்தனை மாதம். "24 வீடும் சேர்ந்து, இப்போ கட்டுற மாதப் பராமரிப்புல கால் பங்கு கூடுதலா, 10 மாசம்." மொத்தத் தொகையை வாயால் சொல்லாதீர்கள், மறைக்கவும் செய்யாதீர்கள். மூன்று ஒப்பந்ததாரர்களின் மதிப்பீடும் மொத்தமும் உள்ள தாளை அந்த வாக்கியம் முடிந்ததும் விநியோகியுங்கள். முன்னதாகக் கொடுத்தால் நீங்கள் பேசும்போது எல்லோரும் குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள். (பங்கு சமமாகவா, பரப்பளவுப்படியா என்பதை உங்கள் சங்க விதியில் முன்பே பார்த்து வையுங்கள். மேடையில் தேடினால் கதை போச்சு.)

"எனக்கு ஒழுகலையே" என்று யாராவது சொல்லத்தான் செய்வார். வாதாட வேண்டாம். கசியும் தண்ணீரால் தளத்துக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைக்கும். அப்படி உதிர்ந்த ஒரு துண்டு இருந்தால் கையோடு கொண்டுபோய் அவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் கூட்டத்தில் அந்தத் துண்டு வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது. கேள்வி கேட்டவரே அதைத் திருப்பிப் பார்த்து, துரு படிந்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

கதை வேலை செய்ததா என்பது அடுத்து வரும் கேள்வியில் தெரியும். "வேலை எப்போ ஆரம்பம்?", "தவணையா கட்டலாமா?" என்று வந்தால் உடனே தீர்மானத்தை ஒரே வரியில் வாசித்துக் கை தூக்கச் சொல்லுங்கள். "போன வருஷப் பெயின்ட் கணக்கு எங்கே?" என்று வந்தால் எந்தக் கதையும் உதவாது. அவர்களுடைய சந்தேகம் கூரை மேல் இல்லை, உங்கள் மேல். அன்றைக்குத் தீர்மானத்தை ஒத்திவைத்து, பழைய ரசீதுகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, பிறகு கூட்டத்தைக் கூட்டுங்கள்.