மெஷ்ஷை மாற்றினால் விடையும் ஏன் மாறுகிறது? கேள்வி பதில்

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு மாணவி: சார், ஃபைனைட் எலிமென்ட் கணக்கில் பார்ட்டை ஏன் மெஷ் என்று துண்டு துண்டாக்கணும்? முழுசாவே கணக்குப் போட முடியாதா?

வடிவம் எளிதாக இருந்தால் முடியும். 200 மி.மீ. நீளம், 20 அகலம், 10 உயரமுள்ள ஒரு எஃகுப் பட்டையின் ஒரு முனையைச் சுவரில் பதித்து, மறுமுனையில் 100 நியூட்டன் தொங்கவிடுங்கள். முனை 0.8 மி.மீ. இறங்கும், சுவர் பக்கம் ஸ்ட்ரெஸ் 60 மெகாபாஸ்கல். காகிதத்திலேயே முடிந்துவிடும். அதே பட்டையில் ஒரு துளையும் சாய்வான ஒரு ரிப்பும் வைத்துவிட்டால் சூத்திரம் கிடையாது.

பார்ட்டின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு நகர்கிறது என்று கேட்டால் கேள்விக்கு முடிவே இல்லை. அதனால் சில நூறு புள்ளிகளில், அதாவது நோட்களில், மட்டும் கேட்கிறோம். இரண்டு நோட்களுக்கு நடுவே நகர்வு நேர்கோடாகவோ ஒரு எளிய வளைவாகவோ மாறுகிறது என்று நாமே வைத்துக்கொள்கிறோம். எலிமென்ட் என்பது இந்த ஊகம்தான், வெறும் துண்டு அல்ல. நகர்வு இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறதோ அதுதான் ஸ்ட்ரெய்ன், ஸ்ட்ரெஸ் வருவது அதிலிருந்துதான். நான்முக வடிவமான நான்கு நோட் டெட்டில் நகர்வு நேர்கோடாக மாறுவதால், அந்த எலிமென்ட் முழுவதற்கும் ஒரே ஒரு ஸ்ட்ரெஸ்தான் கிடைக்கும். உண்மையில் அங்கே ஸ்ட்ரெஸ் ஏறி இறங்கினாலும் அதற்குத் தெரியாது.

டிசைன் ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவர்: நீங்க சொன்ன பட்டையையே 2டியில் போட்டுப் பார்த்தேன். நாலு நோட் செவ்வகம், ஒவ்வொன்றும் 20×10, மொத்தம் 10 எலிமென்ட். முனை 0.3 மி.மீ.தான் இறங்குது. லோடு, சப்போர்ட் எல்லாம் சரி. மென்பொருளில் பிழையா?

மென்பொருள் சரியாகத்தான் வேலை செய்கிறது. அந்த மெஷ்ஷுக்கு 0.3தான் விடை.

பட்டை வளையும்போது மேல் விளிம்பு வில்லாக வேண்டும். நான்கு நோட் செவ்வகத்தின் விளிம்போ நேராகத்தான் இருக்கும், வளையாது. அதனால் செவ்வகம் சரிவகமாகிறது, மூலையிலிருந்த 90 டிகிரி கெட்டுப்போகிறது. மூலைக் கோணம் மாறினால் அது ஷியர். பட்டையில் இல்லாத ஷியர் ஒன்று எலிமென்ட்டுக்குள் புகுந்து, கொடுத்த விசையில் பெரும்பகுதியைத் தின்றுவிடுகிறது. இதை ஷியர் லாக்கிங் என்பார்கள். நீளம் உயரத்தைப் போல இரு மடங்காக இருக்கும் எலிமென்ட்டில், வளைவுக்கு எதிரான விறைப்பு உண்மையைவிடச் சுமார் 2.6 மடங்கு வரும். 0.8ஐ 2.6ஆல் வகுத்துப் பாருங்கள்.

10×10 ஆக்கினால் 0.54 அளவுக்கு ஏறும். எலிமென்ட் எண்ணிக்கை இரட்டித்தும் மூன்றில் ஒரு பங்கு இன்னும் காணோம். அதற்குப் பதில் அதே 10 எலிமென்ட்டை எட்டு நோட்டாக மாற்றுங்கள். விளிம்பு வளைய முடிந்ததும் விடை 0.8ஐ ஒட்டி வந்து நிற்கும். பல மென்பொருள்கள் நான்கு நோட் எலிமென்ட்டிலும் இதற்கு ஒரு திருத்தத்தைத் தானாகவே சேர்த்துவிடும். பக்கத்து சீட்டுக்காரருக்கு அதே மெஷ்ஷில் சரியான விடை வந்தால் குழம்ப வேண்டாம்.

டூல் ரூம் ஆள்: எனக்குச் சொல்லித்தந்தது, எலிமென்ட் எவ்வளவு சின்னதோ விடை அவ்வளவு சரி. ராத்திரி முழுக்க ஓடட்டும், அவ்வளவுதானே?

பாதி சரி. நகர்வுக்குப் பெரும்பாலும் பொருந்தும். ஸ்ட்ரெஸ்ஸுக்கு எங்கே பொருந்தாது என்பதை அடுத்தவரின் கேள்வியே காட்டிவிடும்.

பிராக்கெட் டிசைனர்: எல் வடிவ பிராக்கெட், யீல்ட் 250 மெகாபாஸ்கல், அதைத் தாண்டினால் நிரந்தரமாக வளையும். எட்டு நோட் எலிமென்ட்தான் போட்டேன். உள்மூலையில் ஸ்ட்ரெஸ் 4 மி.மீ. மெஷ்ஷில் 182, 2 மி.மீ.யில் 250, 1 மி.மீ.யில் 341. மேனேஜருக்கு எந்த எண்ணைக் கொடுப்பது?

மூன்றையும் கொடுக்காதீர்கள். 182இலிருந்து 250 போனது 1.37 மடங்கு. 250இலிருந்து 341 போனது கிட்டத்தட்ட அதே மடங்கு. சரியான விடையை நெருங்கும் எண்கள் இப்படி ஏறாது, ஒவ்வொரு படியிலும் ஏற்றம் சுருங்கும்.

உள்மூலையை ரேடியஸ் இல்லாமல் கூராக வரைந்திருக்கிறீர்கள். அப்படிப்பட்ட 90 டிகிரி உள்மூலையில் எலாஸ்டிக் கணக்குப்படி ஸ்ட்ரெஸ் முடிவிலி. மூலையிலிருந்து தூரம் பாதியானால் ஸ்ட்ரெஸ் சுமார் 1.37 மடங்காகும், அதைத்தான் உங்கள் மெஷ் அப்படியே காட்டுகிறது. அரை மி.மீ. போட்டால் 467 பக்கம் வரும். நீங்கள் இதுவரை அளந்தது எலிமென்ட்டின் அளவை. அசல் பார்ட்டில் இருக்கும் ரேடியஸை வரைந்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

ரிட்டயர்டு ஃபோர்மேன்: இவ்வளவு ஏன்? யீல்ட் 350 உள்ள ஸ்டீலுக்கு மாத்திட்டா தீர்ந்தது.

ஐயா, பார்ட் உடைந்திருந்தால் அது ஒரு வழி. இவர் கேட்பது எண் எது என்று. லீனியர் கணக்குக்குள் யீல்ட் வருவதே இல்லை. 350க்கு மாற்றினாலும் அரை மி.மீ. மெஷ் 467தான் சொல்லும், அதற்கும் கீழே போனால் 640 சொல்லும். எத்தனை கிரேடு மாற்றுவீர்கள்?

பிராக்கெட் டிசைனர் (மறுபடி): மூலையில் 3 மி.மீ. ரேடியஸில் ஃபில்லட் போட்டேன். வில்லின் மேல் 3 எலிமென்ட் வைத்தால் 214, 6 வைத்தால் 231, 12 வைத்தால் 234.

இப்போது சரி. 17 ஏறியது, அப்புறம் 3தான் ஏறியது. 235ஐ ஒட்டி நிற்கப் போகிறது. 250க்கு இது போதுமா என்பது வேறு கேள்வி. ஒருமுறை மட்டும் வரும் லோடு என்றால் ஒரு மாதிரி, தினமும் ஆயிரம் தடவை ஆடும் லோடு என்றால் வேறு மாதிரி. லோடு பற்றி நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

சிமுலேஷன் டீம் ஆள்: எலிமென்ட் வடிவத்தைப் பார்க்கும் குவாலிட்டி செக்கில் 40 எலிமென்ட் சிவப்பு. சரிசெய்ய இரண்டு நாள் ஆகும். அப்படியே விடலாமா?

அவை எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். மென்பொருள் ஒவ்வொரு எலிமென்ட்டையும் ஒரு கச்சிதமான சதுரம் நீட்டிக் கோணிக்கொண்டதாகப் பாவித்துத்தான் கணக்குப் போடுகிறது. கோணல் அதிகமாக அதிகமாக, உள்ளே நகர்வு மாறும் விதத்தைச் சரியாகப் பிடிக்கும் திறன் குறையும். ஒரு மூலை 180 டிகிரியைத் தாண்டி உள்ளே மடிந்தால் கணக்கே நின்றுவிடும். நீளமாக இருப்பது மட்டும் அவ்வளவு பெரிய குற்றமில்லை. ஸ்ட்ரெஸ் மாறாத திசையில் நீண்டிருந்தால் நான் கண்டுகொள்ள மாட்டேன். உச்ச ஸ்ட்ரெஸ் பக்கத்தில் கோணலாக நாலே நாலு இருந்தாலும் உட்கார்ந்து சரிசெய்வேன்.

இதில் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். ஒரு ஹவுசிங்கின் ரிப் அடியில் நிறப்படம் வழவழவென்று அழகாக இருந்தது, 250 காட்டியது. ரிப்போர்ட்டும் போய்விட்டது. அப்புறம் நோட்டில் எலிமென்ட்களின் ஸ்ட்ரெஸ்ஸைச் சராசரி எடுப்பதை அணைத்துவிட்டுப் பார்த்தால், ஒரே நோட்டைப் பகிரும் இரண்டு எலிமென்ட்டில் ஒன்று 310, மற்றது 190. படம் வழவழப்பானது சராசரியால், மெஷ்ஷால் அல்ல. இப்போதெல்லாம் உச்ச ஸ்ட்ரெஸ் இடத்தில் முதலில் சராசரி இல்லாத படத்தைத்தான் திறக்கிறேன்.

அதே டீமில் இன்னொருவர்: கடைசியா ஒன்று. ஆறு முக ஹெக்ஸா, நான்கு முக டெட்டா? எங்க லீட் ஹெக்ஸ் தவிர எதையும் ஒப்புக்கொள்ள மாட்டார்.

நான்கு நோட் டெட்டைப் பற்றித்தான் சொல்கிறார் என்றால் நான் அவர் பக்கம். வளைவில் அது மோசமாக விறைக்கும். பத்து நோட் டெட்டுக்கும் அதே தடை என்றால் எனக்கு உடன்பாடில்லை. காஸ்டிங் போன்ற வடிவத்தை ஹெக்ஸாக்க ஒரு வாரம் போகும், அதற்குள் பத்து நோட் டெட்டில் மூன்று அளவு மெஷ் ஓட்டி எண் நிற்கிறதா என்று பார்த்துவிடலாம். ஆனால் காண்டாக்ட் அதிகமுள்ள மாடலிலும், பெரிய உருக்குலைவு வரும் வேலையிலும் ஹெக்ஸ்தான் தொந்தரவு குறைவு என்று அவர் சொன்னால் என்னிடம் பெரிய எதிர்வாதம் இல்லை. உங்கள் மாடல் எந்த வகை?

அதே நபர்: இரண்டும் கலந்ததுதான் சார், அதனால்தான் சண்டை.