ஒரு பெயருக்கு ஒரு சிம்: கேள்வி பதில்

இரண்டு சிம் போனில் யாருக்கு எந்த சிம்மில் கால் போக வேண்டும் என்பது பற்றிய கேள்விகள், கேட்பவர் ஊர்ப் பெயருடன். பதில் சொல்பவர்: திருச்சியில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கும் குழு உறுப்பினர்.

ஷார்ஜா: அண்ணா, ஊர் சிம்மை வங்கி ஓடிபிக்காக மட்டும் வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் போட்டால் சில நேரம் அதிலேயே போய் ரோமிங்கில் காசு பறக்கிறது. மனைவி நம்பருக்கு மட்டும் இங்குள்ள சிம் என்று வைக்க முடியுமா? ஆண்ட்ராய்டு, கூகுள் டயலர்.

முடியும் தம்பி. முதலில் அவர் நம்பர் +91 உடன் சேமிக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். வெறும் பத்து இலக்கமாக இருந்தால் அமீரக சிம் அதை உள்ளூர் நம்பராக எடுத்துக்கொள்ளும், கால் போகாது. ‘இந்த சிம்மில் போகவில்லை, அதனால் ஊர் சிம்மில் போட்டேன்’ என்று பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அடுத்து, செட்டிங்ஸில் சிம் பகுதிக்குப் போய், கால்களுக்கு என்ற இடத்தில் `Ask every time` என்று வையுங்கள். ஏற்கெனவே ஒரு சிம் அங்கே தேர்வாகி இருந்தால் போன் உங்களிடம் கேட்காது. கேட்காவிட்டால் நினைவில் வைக்கச் சொல்ல இடமே கிடைக்காது.

இப்போது மனைவியை அழையுங்கள். இரண்டு சிம்மும் ஒரு சின்னப் பெட்டியில் வரும், கூடவே `Remember this choice` என்று ஒரு டிக் கட்டம் இருக்கும். டிக்கை முதலில் போடுங்கள், பிறகு சிம்மைத் தொடுங்கள். சிம்மைத் தொட்ட நொடியே கால் போய்விடும், அப்புறம் டிக் போட நேரமில்லை. என் கடைக்கு ‘வைத்தேன், நிற்கவில்லை’ என்று வருகிறவர்களில் நிறையப் பேர் இந்த வரிசையைத்தான் மாற்றிச் செய்திருக்கிறார்கள். நம்பர் சேமிக்கப்படாததாக இருந்தால் அந்தக் கட்டம் வராது.

வேலை முடிந்ததும் பொதுத் தேர்வையும் அமீரக சிம்முக்கு மாற்றிவிடுங்கள். பெயருக்கென்று வைத்தது பொதுத் தேர்வை மீறி நிற்கும், ஆகவே ஒன்றும் கெடாது. ஊர் சிம்மில்தான் போக வேண்டும் என்று யாராவது இருந்தால், உதாரணமாக உங்கள் பழைய நம்பரை மட்டுமே எடுக்கும் ஒரு பெரியவர், அவருக்குத் தனியாக ஊர் சிம்மை வைத்துக்கொள்ளலாம். கால் போகும்போது திரையில் சிம் பெயர் தெரியும். முதல் இரண்டு மூன்று முறை அதைப் பார்த்துவிட்டுக் காதில் வையுங்கள்.

ஒன்று மறக்க வேண்டாம்: இந்தத் தேர்வு ஒட்டிக்கொள்வது ஆளிடம் இல்லை, நம்பரிடம். அவருக்கு இரண்டு நம்பர் இருந்தால் இரண்டுக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

சென்னை: ஐபோனில் டீஃபால்ட் லைனை மாற்றிவிட்டால் போதும், எல்லோருக்கும் அதிலேயே போகும் என்கிறார் நண்பர். சரியா?

பாதி சரி. நீங்கள் இதுவரை அழைக்காத ஒருவருக்கு டீஃபால்ட் லைனில் போகும். முன்பு அழைத்தவருக்கு, கடைசியாக எந்த லைனில் அழைத்தீர்களோ அதிலேயே போகும். ஐபோன் அதைத் தானாகவே நினைவில் வைத்துக்கொள்ளும். அவசரத்துக்கு ஒரே ஒரு முறை ஆபீஸ் நம்பரிலிருந்து தங்கையைக் கூப்பிட்டீர்கள் என்றால், அடுத்த முறையும் ஆபீஸ் நம்பர்தான். அதனால்தான் ‘தானாக மாறுகிறது’ என்று தோன்றுகிறது. முக்கியமானவர்களின் காண்டாக்ட் பக்கத்தைத் திறந்து, லைன் காட்டும் இடத்தைத் தொட்டு, வேண்டியதை நிலையாகத் தேர்ந்தெடுத்துவிடுங்கள்.

திருநெல்வேலி: வாட்ஸ்அப் காலுக்கு எந்த சிம் என்று எங்கே வைப்பது சார்?

அது இன்டர்நெட்டில் போகிற கால். டேட்டா எந்த சிம்மில் ஓடுகிறதோ அதில் போகும், பெயருக்குப் பெயர் மாற்ற முடியாது.

தஞ்சாவூர்: அண்ணா, மாமியாருக்கு மட்டும் இரண்டாவது சிம்மில் போக வேண்டும். எப்படி?

ஷார்ஜா தம்பிக்குச் சொன்னதே. டிக் முதலில்.

சேலம்: சிம் தொலைந்து, அதே நம்பருக்குப் புது சிம் வாங்கினேன். வைத்திருந்ததெல்லாம் போய், மறுபடியும் கேட்கிறது. போன் பழுதா?

பழுதில்லை. போன் நினைவில் வைத்தது உங்கள் நம்பரை அல்ல, அந்த சிம் கார்டை. ஒவ்வொரு கார்டுக்கும் தனி அடையாள எண் உண்டு. நம்பர் அதே ஆனாலும் புதுக் கார்டு போனுக்குப் புது ஆள். வேறு நிறுவனத்துக்கு போர்ட் செய்தாலும், இசிம்முக்கு மாறினாலும் இதேதான். ஒரு தடவை எல்லாரையும் மறுபடி வைத்துவிடுங்கள். புதுப் போன் வாங்கும்போதும் இதை நம்பி இருக்காமல் முதல் நாளே சரிபாருங்கள்.

கோவை: எதற்கு இவ்வளவு வேலை? எப்போதும் கேள் என்று விட்டுவிட்டால் ஒவ்வொரு முறையும் நாமே பார்த்துப் போடலாமே.

உங்களுக்குச் சரி. உங்கள் வீட்டில் எழுபது வயதுக்காரர் இருந்தால் சரியில்லை. அவர் பெயரைத் தொட்டுவிட்டு நேராகக் காதில் வைப்பார். பெட்டி திரையில் காத்துக்கொண்டு நிற்கும். மணி அடிக்கவில்லை என்று நாலு முறை அழுத்துவார்.

மதுரை: இது என் அப்பாவேதான்! கன்னம் பட்டு ஏதாவது ஒரு சிம்மில் போய்விடும். ரீசார்ஜ் முடிந்த சிம்மாக இருந்தால் ஒரு குரல் பேசும், மகள் எடுக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்.

கோவை: ஆனால் என் அம்மா வால்பாறைப் பக்கம் இருக்கிறார். எஸ்டேட்டில் ஒரு இடத்தில் ஒரு சிம் எடுக்கும், நாலு அடி தள்ளினால் மற்றது எடுக்கும். பெயருக்கு ஒரு சிம் என்று பூட்டினால் சிக்னல் இல்லாத நேரத்தில் கால் போகவே போகாதே. அப்போது கேட்பதுதானே நல்லது?

இதை நான் மறுக்க மாட்டேன். பூட்டிய சிம்மில் சிக்னல் இல்லை என்றால் போன் தானாக அடுத்ததற்கு மாறிவிடும் என்று நம்பி இருக்கக் கூடாது. கால் தோல்வியாகும், அவ்வளவுதான். வீட்டில் ஒரு சிம் எப்போதும் எடுக்கிறது என்றால் பூட்டலாம். இரண்டும் மாறி மாறி எடுக்கிற இடத்தில் கேட்கட்டும்.

மதுரை: அப்பா போனில் என் பெயரை இரண்டு தடவை சேமித்து, ஒன்றுக்கு ஒரு சிம், மற்றதற்கு மற்ற சிம் என்று வைத்தால்?

யோசனை நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரே நம்பர் இரண்டு பெயரில் இருந்தால் டயலர் எந்தப் பெயரின் தேர்வை எடுக்கும் என்பதை நம்பி விட முடியாது. காண்டாக்ட் ஆப் இரண்டையும் ஒன்றாக்கவும் கூடும். உங்களிடம் இரண்டு நம்பர் இருந்தால் அப்பா போனில் அவற்றை இரண்டு பெயர்களாக வையுங்கள், அது நிற்கும்.

கோவை: எனக்கு இன்னும் திருப்தியில்லை. அம்மாவுக்குக் கேட்கும் பெட்டியும் புரியாது, பூட்டும் உதவாது.

அந்த இடத்துக்கு என்னிடமும் முழு வழி இல்லை அம்மா. மலையில் எது அதிக நேரம் எடுக்கிறதோ அதை வைத்துவிட்டு, நீங்கள் அவரைக் கூப்பிடும் முறையைப் பழக்குங்கள்.

ஈரோடு: காரில் ப்ளூடூத் திரையிலிருந்து அழைத்தால் நான் வைத்த சிம்மில் போகவில்லை.

காரிலிருந்து வரும் அழைப்பு உங்கள் டயலர் ஆப் வழியாகப் போகாமல் நேராக சிஸ்டத்துக்குப் போகிறது. ஆகவே பொதுத் தேர்வுதான் பேசும். பொதுத் தேர்வு ‘கேள்’ என்றிருந்தால் போன் திரையில் கேட்கும், ஓட்டும்போது அதைத் தொட வேண்டாம். வண்டியில் அதிகம் பேசுகிறவர் பொதுத் தேர்வில் ஒரு சிம்மை வைத்துவிடுவது நல்லது.

நாகர்கோவில்: போனோடு வந்த கம்பெனி டயலரில் அந்த டிக் கட்டமே வருவதில்லை அண்ணா.

எல்லா டயலரிலும் இந்த வசதி இருக்காது. கூகுளின் போன் ஆப்பைப் போட்டு, அதை முதன்மை ஆப்பாக மாற்றிப் பாருங்கள். கால் ரெக்கார்டிங் பழக்கம் உள்ளவர் என்றால் ஒன்று: அதில் ரெக்கார்டு செய்தால் எதிரே இருப்பவருக்கும் அறிவிப்பு கேட்கும்.

வேலூர்: அண்ணா, என் அண்ணிக்கு மட்டும் சிம் 2 வைக்க…

மேலே இரண்டு இடத்தில் இருக்கிறது. படியுங்கள்.

கரூர்: வைத்ததை எடுப்பது எப்படி? முன்னாள் முதலாளிக்கு ஆபீஸ் சிம் என்று வைத்திருந்தேன், இப்போது அந்த சிம்மே இல்லை.

கூகுள் காண்டாக்ட்ஸில் அவர் பெயரைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் சிம் பற்றிய வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்த நம்பரை மட்டும் அழித்துச் சேமித்துவிட்டு, மறுபடி எழுதிச் சேமியுங்கள். தேர்வு அந்த நம்பரோடு சேர்ந்து போய்விடும்.