இன்டர்வியூவுக்குப் பிறகு நன்றி மெயில்: கெஞ்சல் தொனி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பெங்களூரு பெல்லந்தூரில் ஒரு நிறுவனத்தில் டெஸ்டிங் வேலைக்கு வியாழக்கிழமை மதியம் இன்டர்வியூ முடிந்தது. ரிக்ரஷன் டெஸ்ட் ஓடி முடிய 6 மணி நேரம் ஆகிறது, அதிலும் சில டெஸ்ட்கள் காரணமே இல்லாமல் ஃபெயில் ஆகின்றன என்று மேனேஜர் சொன்னார். அடுத்த வியாழனுக்குள் முடிவு தெரியும் என்றார் ஹெச்.ஆர். நன்றி மெயில் எழுதினால் கெஞ்சுவது போலவே வருகிறது. எப்படி எழுதலாம்?

பதில்: நீங்கள் எழுதி வைத்த மெயிலில், படிப்பவரிடம் எதையாவது கேட்கும் வரிகளைத் தேடுங்கள். ‘ஈகர்லி வெயிட்டிங் ஃபார் யுவர் பாசிட்டிவ் ரிப்ளை’, ‘கைண்ட்லி கன்சிடர் மீ’, ‘ஒரு வாய்ப்புக் கொடுத்தால் நிரூபித்துக் காட்டுவேன்’ போன்றவை. கெஞ்சல் தொனி இவற்றிலிருந்துதான் வருகிறது. இன்னும் முடிவெடுக்காத மேனேஜருக்கு இவை நெருக்கடியாகத்தான் தெரியும். ஆகவே நன்றி மெயிலில் எதையும் கேட்காதீர்கள். ‘மிகவும்’, ‘உண்மையிலேயே’ என்று அழுத்திச் சொல்வதாலும் ஆர்வம் தெரியாது. அவர் சொன்ன சிக்கலை வெளியே வந்த பிறகும் யோசித்திருக்கிறீர்கள் என்பதில்தான் அது தெரியும்.

உங்களுக்கு அது கையிலேயே இருக்கிறது. காரணமில்லாமல் ஃபெயில் ஆகும் டெஸ்ட்களைப் பற்றித்தான் எழுத வேண்டும். மெயிலை ஆங்கிலத்தில்தான் அனுப்புவீர்கள். அதன் பொருள் இப்படி அமையலாம்:

“வணக்கம். நேற்று நேரம் ஒதுக்கிப் பேசியதற்கு நன்றி. 6 மணி நேர ரிக்ரஷன் பற்றி நீங்கள் சொன்னதைப் பிறகு யோசித்தேன். நிலையில்லாமல் ஃபெயில் ஆகும் டெஸ்ட்களை முதலில் தனித் தொகுப்பாகப் பிரித்து ஓட்டினால், மீதியில் வரும் ஃபெயிலியரை நம்பிப் பார்க்க முடியும். நேரத்தைக் குறைக்கும் வேலையை அதன் பிறகு தொடங்கலாம் என்று தோன்றுகிறது. உங்கள் அமைப்பை உள்ளிருந்து பார்த்தவர்களுக்கு இதில் வேறு தடைகள் தெரிந்திருக்கலாம். இந்த வகை வேலையைத்தான் செய்ய விரும்புகிறேன். நேற்றைய பேச்சு அதை உறுதிப்படுத்தியது. கூடுதல் விவரம் ஏதாவது தேவைப்பட்டால் அனுப்பி வைக்கிறேன்.”

இதில் ஆர்வத்தைச் சொல்வது ஒரே ஒரு வாக்கியம். அதற்கு முன்னால் வேலையைப் பற்றிய யோசனை இருப்பதால் அது நம்பும்படி இருக்கிறது. ‘வேறு தடைகள் தெரிந்திருக்கலாம்’ என்ற வரியை எடுத்துவிடாதீர்கள். ஒரு மணி நேரம் பேசிவிட்டு அவர்களுடைய சிக்கலைத் தீர்த்துவிட்டதாகத் தொனித்தால், மேனேஜருக்கு எரிச்சல்தான் வரும். யோசனை இரண்டு மூன்று வாக்கியங்களைத் தாண்ட வேண்டாம். தாண்டினால் மெயில் இன்னொரு இன்டர்வியூ ஆகிவிடும். உள்ளே ஒரு கேள்விக்குத் தவறாகப் பதில் சொல்லியிருந்தால், அதைத் திருத்தி ஒரு வரி சேர்க்கலாம். ஆனால் சரியாகப் போகாத இன்டர்வியூவை ஒரு மெயில் காப்பாற்றாது.

இப்போது அனுப்பும் விதம். வெள்ளிக்கிழமை காலையிலேயே அனுப்புங்கள். தள்ளிப்போட்டால் சனி, ஞாயிறு கழிந்து பேச்சின் ஞாபகம் மங்கிவிடும். மேனேஜரின் முகவரி காலண்டர் அழைப்பில் இருந்தால் அவருக்கே அனுப்பலாம். இல்லையென்றால் பெயரையும் நிறுவனத்தின் டொமைனையும் சேர்த்து ஊகித்து அனுப்பாதீர்கள். இன்டர்வியூ நேரத்தை உறுதிசெய்து ஹெச்.ஆர். அனுப்பிய அதே மெயிலுக்கு ரிப்ளை செய்து, மேனேஜருக்கும் சேர்க்கும்படி சொன்னால் போதும். பழைய மெயிலின் தொடர்ச்சியாகப் போவதால் எந்த வேலை, எந்த நாள் என்று அவர் தேட வேண்டியதில்லை. இரண்டு பேர் இன்டர்வியூ எடுத்திருந்து இருவருக்கும் தனித்தனியாக அனுப்பினால், ஒரே மெயிலைப் பெயர் மாற்றி அனுப்பாதீர்கள். பக்கத்துப் பக்கத்து இருக்கையில் இருப்பவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ரீட் ரெசிப்ட் கேட்பதும், அதே நன்றியை ஹெச்.ஆரின் வாட்ஸ்ஆப்பில் மறுபடி போடுவதும் துரத்துவதாகவே படும்.

நோட்டீஸ் பீரியட் 60 அல்லது 90 நாள் என்பது பெங்களூரு ஐடி வட்டாரத்தில் சாதாரணம். அதனால் ‘உடனே சேரத் தயார்’ என்று சேர்க்கத் தோன்றும். இன்டர்வியூவில் அந்தப் பேச்சு முடிந்திருந்தால் மறுபடி வேண்டாம். நீங்கள் சொன்ன தேதி மாறியிருந்தால் மட்டும் புதுத் தேதியை ஹெச்.ஆருக்குத் தெரிவியுங்கள். வேறு இடத்தில் ஆஃபர் வந்து அதற்குக் கெடு இருந்தாலும் அதைத் தனி மெயிலாக ஹெச்.ஆரிடம் நேரடியாகச் சொல்லுங்கள். நன்றியோடு கலந்தால் மிரட்டல் போலத் தொனிக்கும்.

அடுத்த வியாழன்வரை எதுவும் எழுத வேண்டாம். அந்த நாள் கழிந்து இரண்டு வேலை நாளிலும் தகவல் இல்லையென்றால், செவ்வாய்க்கிழமை ஹெச்.ஆருக்கு மட்டும் இரண்டு வரி எழுதுங்கள்: “வியாழனுக்குள் முடிவு தெரியும் என்றீர்கள். தேதி மாறியிருந்தால் புதிய தேதியைத் தெரிவிக்க முடியுமா?” இங்கே கேட்பதில் தவறில்லை, தேதியைச் சொன்னது அவர்கள்தான். அதற்கும் பதில் இல்லையென்றால் ஒரு வாரம் விட்டு இன்னொரு முறை எழுதலாம். அதோடு நிறுத்திக்கொண்டு, மற்ற விண்ணப்பங்களைப் பாருங்கள்.