சிறுநீர்த் துவாரத்தில் சிவப்புச் சதை: ரத்தம் எங்கிருந்து வருகிறது?

“வயது 61. மாதவிடாய் நின்று பதினொரு வருடம் ஆகிறது. கழுவும்போது சிறுநீர் வரும் இடத்தில் சிவப்பாக ஒரு சதை கையில் தட்டுப்படுகிறது. உள்ளாடையில் இரண்டு முறை ரத்தக்கறை. மருந்துக் கடையில் கொடுத்த களிம்பைப் போட்டால் எரிகிறது. இன்டர்நெட்டில் புற்றுநோய் என்று போட்டிருக்கிறது. மகளிடம் சொல்லக்கூடக் கூச்சமாக இருக்கிறது டாக்டர்.”

அம்மா, முதலில் அந்தக் களிம்பை நிறுத்துங்கள். கடையில் சும்மா எடுத்துக் கொடுப்பதில் பெரும்பாலும் ஸ்டீராய்டு கலந்திருக்கும். ஏற்கெனவே மெலிந்துபோன தோலை அது இன்னும் மெலியவைக்கும்.

உங்கள் வயதில் இந்த இடத்தில் வரும் சிவப்புச் சதை பெரும்பாலும் ‘யூரித்ரல் கரங்கிள்’தான். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைகிறது. சிறுநீர்க்குழாயின் உட்புறச் சவ்வு மெலிந்து, துவாரத்தின் கீழ்விளிம்பு வழியாக வெளியே பிதுங்குகிறது. துணி உரச உரச அது சிவந்து தடிக்கிறது. பட்டாணி அளவுக்கு, மெத்தென்று, தொட்டால் கசியும். இது புற்றுநோய் அல்ல. புற்றுநோயாக மாறும் முதல்படியும் அல்ல. தொந்தரவு இல்லையென்றால் வைத்தியமே தேவைப்படாது.

ஆனால் அந்த ரத்தக்கறையை நான் லேசாக விடமாட்டேன். ரத்தம் சதையிலிருந்துதான் வருகிறது என்று எப்படித் தெரியும்? துணியில் பட்ட கறை தான் எங்கிருந்து வந்தது என்று சொல்லாது.

என்னிடம் வந்த 64 வயது அம்மா ஒருவருக்கும் இதே சதை இருந்தது. கறை அதனால்தான் என்று எட்டு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார். பஞ்சால் ஒற்றிப் பார்த்தேன், சதையில் துளி ரத்தம் இல்லை. ஸ்கேனில் கர்ப்பப்பை உட்சுவர் 11 மில்லிமீட்டர் தடிமன் இருந்தது. மாதவிடாய் நின்றபின் ரத்தம் பட்டவருக்கு 4-ஐத் தாண்டினாலே அந்த உட்சுவரிலிருந்து ஒரு துணுக்கு எடுத்துப் பார்ப்போம். எடுத்தோம், கர்ப்பப்பைப் புற்றுநோய். ஆரம்ப நிலையில் இருந்ததால் அறுவை சிகிச்சையில் சரியானது. சதை பாவம், அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை.

அதனால் இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் போங்கள். சதையைப் பார்க்கச் சொல்வதோடு, “எனக்கு ரத்தம் பட்டது” என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். கருப்பைவாய்ப் பரிசோதனை, உள்வழி ஸ்கேன், சிறுநீர்ப் பரிசோதனை மூன்றும் வேண்டும்.

அவை சரியாக இருந்து, சதைதான் காரணம் என்றால் ஈஸ்ட்ரோஜன் கிரீம் தருவார்கள். வழக்கமாக இரண்டு வாரம் தினமும் இரவில், அப்புறம் வாரம் இரண்டு முறை. மார்பகப் புற்றுநோய் வந்திருந்தால் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எரிச்சலுக்கு வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் உட்காரலாம்.

கிரீம் போட்டும் சுருங்காமல் வளர்ந்தால், கல்போல் கெட்டியாக இருந்தால், அல்லது தொடை இடுக்கில் கட்டி தட்டுப்பட்டால் வெட்டியெடுத்துப் பரிசோதிக்க வேண்டும். சிறுநீர்க்குழாய்ப் புற்றுநோய் மிக அரிது, ஆனாலும் அப்போது பார்க்காமல் விடக்கூடாது.

மகளிடம் சொல்லுங்கள் அம்மா. ஸ்கேனுக்குத் துணைக்கு ஆள் வேண்டும்.